பார்வையற்றவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி: பெயர், இடம், அப்புறம்தான் கை

என்னோடு வேலை செய்யும் ரவி சாருக்குப் பார்வை கிடையாது. தினமும் அவரோடு பேசிப் பேசிப் பழகிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மொத்தமே 10 நொடி வேலை, ஆனால் வரிசை மாறக்கூடாது.

படி 1: முதலில் அவர் பெயர்

நாலு பேர் இருக்கும் இடத்தில் வெறும் "வணக்கம்" சொன்னால் அது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு உங்கள் பார்வையே சொல்லிவிடும், அவருக்குப் பெயர்தான் சொல்லும். பெயர் தெரியாதவர் என்றால், "நீலச் சட்டை போட்ட சார், உங்களைத்தான்" என்றாலும் போதும்.

படி 2: உங்கள் பெயர்

"நான்தான்" என்பது பெயர் இல்லை. பெயரோடு ஒரு அடையாளமும் சேருங்கள்: "நான் செல்வி, கணக்குப் பிரிவு." "யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிற விளையாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அப்படிக் கேள்வி போடுகிறவருக்குத்தான் சிரிப்பு.

படி 3: நிற்கும் இடம்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குரல் வந்தால் திசை தெரியாதா என்று நானும் நினைத்திருந்தேன். இடமா வலமா என்பது சுலபமாகத் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரு பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கக் காதில் துளி முன்னதாகவும் கொஞ்சம் பலமாகவும் விழுகிறது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் சத்தம் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் விழுவதால், அங்கேதான் குழப்பம். நீளமான நடைபாதையில் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். பலர் போன் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைக் கேட்க ஒரு காதில் இயர்போன் வைத்திருப்பார்கள், அப்போது இடம் வலமும் தடுமாறும்.

அதனால் வாயால் சொல்லிவிடுங்கள்: "உங்க வலது பக்கம், கைக்கெட்டும் தூரத்துல நிக்கிறேன்." அவருடைய வலது, உங்களுடையது அல்ல. எதிரெதிரே நிற்கும்போது இது மாறிப்போகும். "இங்கே", "அந்தப் பக்கம்" எல்லாம் உதவாது. நடந்துகொண்டே சொல்லாமல், நின்று, முகத்தை அவர் பக்கம் திருப்பிச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள் அல்லது கொஞ்சம் குனியுங்கள். சத்தம் போட வேண்டாம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் முகமோ தோளோ உங்கள் பக்கம் திரும்பும், இல்லையென்றால் உங்கள் பெயரைச் சொல்லிப் பதில் வரும். இரண்டும் இல்லையென்றால் இன்னொரு முறை சொல்லுங்கள். அதுவரை கையை நீட்டாதீர்கள்.

படி 4: கை

கைகுலுக்க வேண்டுமென்றால், "கை நீட்டியிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு நீட்டுங்கள். அவரே முதலில் நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் முன்னால் ரவி சார் நிற்கிறார், ஒரு காதில் இயர்போன், பக்கத்தில் மூன்று பேர். நான் சொல்வது இவ்வளவுதான்:

"ரவி சார், நான் செல்வி, கணக்குப் பிரிவு. உங்க இடது பக்கம் நிக்கிறேன். என்கூட முரளியும் இருக்கார், எனக்குப் பின்னால."

அவர் இயர்போனைக் கழற்றுகிறார், முகம் இடது பக்கம் திரும்புகிறது. "சொல்லுங்க செல்வி." இனி பேசலாம். எங்காவது அழைத்துப் போக வேண்டுமென்றால் முதலில் கேட்பேன். சரி என்றால் என் புறங்கையால் அவர் புறங்கையைத் தொடுவேன், அவரே என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார். வெள்ளைக்கோலை மட்டும் தொடவே கூடாது.

அவர் சாலையைக் கடக்கும்போதோ படியில் இறங்கும்போதோ வணக்கம் வேண்டாம். அப்போது அவர் காது வண்டிச் சத்தத்தில் இருக்கும். அவர் ஓரம் வந்து சேரட்டும். ஆபத்து என்றால் மட்டும் "ரவி சார், நில்லுங்க!" என்று கத்தலாம். "பாத்து, பாத்து" என்றால் எதைச் செய்வது என்று யாருக்கும் புரியாது.

பின்சேர்க்கை 1: "பல வருஷப் பழக்கம், என் குரல் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அமைதியான அறையில் தெரியும். கூட்டத்தில், ஜலதோஷத்தில், ஒற்றை "ஹலோ"வில் தெரியாமல் போகலாம். "நீ பேர் சொல்ல வேணாம்பா" என்று அவரே சொன்னால் விட்டுவிடுங்கள். கிளம்பும்போது மட்டும் "நான் போறேன்" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார்.

பின்சேர்க்கை 2: காதும் கேட்காதவருக்கு இந்த வரிசை பொருந்தாதே என்று இன்னொருவர் எழுதினார். உண்மைதான். அவரிடம் தொடுவதுதான் முதல் படி: தோளிலோ மேல்கையிலோ மெதுவாகக் கை வைத்து, அவர் உணரும்வரை எடுக்காமல் இருங்கள். பெயரை எப்படித் தெரிவிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்காட்டுவார்கள், சிலர் நெருங்கியவர்களுக்கென்று ஒரு தொடு அடையாளம் வைத்திருப்பார்கள். அவரோடு பழகியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.