தூக்கம் வராத ராத்திரியில் நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தால்: மூன்று கார்டு வாசிப்பு

முதலில் படத்தை நன்றாகப் பாருங்கள். நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸ், அதாவது ஒன்பது வாள், 1909-இல் வெளிவந்த ரைடர் வெய்ட் டாரட் சீட்டுக்கட்டில் உள்ள கார்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்த ஒருவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். பின்னால் கும்மிருட்டு, அதில் படுக்கைவசமாக ஒன்பது வாள். ஒன்றுகூட அவர் உடம்பில் குத்தவில்லை. முதுகில் குத்தி நிற்பது அடுத்த கார்டான பத்து வாளில்தான். டாரட்டில் வாள் என்றால் எண்ணம். ஆகவே இந்தக் கார்டு, விழித்துக் கிடப்பவரின் மனசைச் சொல்கிறது. யார் பேசவில்லை என்று தூக்கம் வராமல் கிடக்கிறாரோ, அந்த இன்னொருவரைப் பற்றி இதில் சேதி இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

1. கார்டுகளைக் கலைப்பதற்கு முன், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தாளில் எழுதுங்கள். காரைக்குடிப் பெண் ஒருத்தி, கணவர் சிங்கப்பூரில். "ரெண்டு நாளா அவுக பேசவே இல்லக்கா, என் மேல கோவம்தான்" என்றாள். பேசவில்லை என்பது தெரிந்தது. கோபம் என்பது அவள் சேர்த்தது. அவள் கார்டு எடுத்தது ராத்திரி இரண்டு மணிக்கு. அங்கே அப்போது நாலரை. யார் பதில் போடுவார்கள்?

2. கேள்வியை உங்கள் பக்கம் திருப்புங்கள். "அவருக்கு என்மேல் பிரியம் இருக்கா?" என்று கேட்டால் எந்தக் கார்டும் பயத்துக்குத்தான் தீனி போடும். "விடியும்வரை நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

3. கலைத்து, இடமிருந்து வலமாக மூன்று வையுங்கள்: என் மனசில் ஓடுவது, நான் கவனிக்காதது, காலையில் செய்வது.

4. இடத்தோடு சேர்த்து வாசியுங்கள். அவளுக்கு வந்தவை ஒன்பது வாள், நான்கு வாள், பேஜ் ஆஃப் கப்ஸ்.

முதல் இடத்தில் ஒன்பது வாள் அவள் நிலைமையை அப்படியே சொல்லிவிட்டது. நான்கு வாளைப் பார்த்து, "பொணம் மாதிரி கிடக்கே" என்று பதறினாள். கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரன் அது, பொருள் ஓய்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்: இரண்டிலும் படுக்கை, இரண்டிலும் பின்னணியில் வாள். ஒருவர் படுத்துவிட்டார், ஒருவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் கவனிக்காதது தன் உடம்பு களைத்திருப்பதை. "அப்ப அவுக தூங்குறாகளா?" என்றாள். அப்படி வாசிக்கக் கூடாது. அது அவரைப் பற்றிய இடமே இல்லை.

பேஜ் ஆஃப் கப்ஸ், கிண்ணத்திலிருந்து எட்டிப் பார்க்கும் மீனோடு நிற்கும் பையன். சின்ன, மென்மையான சேதி. "ஏன் பேசல?" என்ற சண்டைக்கு இதில் இடமில்லை.

ஒன்பது வாள் மூன்றாம் இடத்தில் வந்திருந்தால்? "காலையில் கவலைப்படு" என்று அர்த்தமில்லை. கவலையை வாய்விட்டுச் சொல் என்று எடுத்துக்கொள்வேன்.

5. சீட்டுக்கட்டை மூடுங்கள். பிடிக்கவில்லை என்று மறுபடி எடுக்காதீர்கள். நாலாவது தடவையில் எந்தக் கார்டும் பயமாகத்தான் தெரியும். மௌனம் வழக்கத்துக்கு மாறாக நீண்டால், கார்டை விட்டுவிட்டு அவரோடு தங்கியிருப்பவருக்குப் போன் போடுங்கள்.

காலையில் அவள் அனுப்பியது ஒரே வரி: "சாப்டீகளா? நேரம் கிடைக்கிறப்ப கூப்புடுங்க, கொஞ்சம் கவலையா இருக்கு."