புது மென்பொருளைப் பற்றி வார்டில் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு மருத்துவமனையில் காகித ட்ரக் சார்ட்டை எடுத்துவிட்டு, நோயாளிக்கு மருந்து கொடுத்ததைக் கணினியில் பதியும் முறையைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நர்சுகளுக்கு விருப்பமில்லை. அவர்களைக் கூட்டி யாராவது ஒருவர் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலும் அந்தப் பேச்சு மென்பொருளின் பெருமையில் தொடங்கும்: காகிதம் மிச்சம், தவறு குறையும், எல்லாம் ஒரே திரையில். கேட்பவர்கள் மனதில் அப்போது ஓடுவது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் பேசுபவர் தன் வாயால் முதலில் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே தளரும். அப்படிச் சொல்வதிலும் தவறுகள் நடக்கின்றன.

சொல்லச் சுலபமான கவலையை எடுத்துக்கொள்வது

"உங்களில் சிலருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை, அதனால் தயங்குகிறீர்கள்" என்று தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. செல்போனில் வங்கிக் கணக்கையே நடத்துபவர்களிடம் இதைச் சொன்னால் கோபம்தான் வரும். எழுத்தில் கருத்துக் கேட்டால் "பயிற்சி போதவில்லை" என்ற பதில்தான் வரும். உண்மையான காரணத்தைக் கையெழுத்துப் போட்டு யார் கொடுப்பார்கள்?

உண்மைக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். இரவு டூட்டி சிஸ்டர் ஒருவரிடம் பத்து நோயாளிகள். எல்லாருக்கும் ஒன்பது மணி மருந்து. முதல் படுக்கையில் ஒன்பதுக்குத் தொடங்கினால், நடுவில் ஒருவர் வாந்தி எடுப்பார், இன்னொருவருக்கு ஐவி லைன் அடைத்துக்கொள்ளும், கடைசிப் படுக்கைக்குப் போகும்போது மணி 9:45. காகிதத்தில் பத்துப் பேருக்கும் "9" என்றே எழுதுவார். வார்டில் அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். மென்பொருளோ 9:00, 9:06, 9:45 என்று உள்ளது உள்ளபடி பதியும். அடுத்த மாதம் அந்த 9:45 ஒரு மெமோவாகத் திரும்பி வருமோ என்பதுதான் கேள்வி. இதைக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். கேட்டால் இதுவரை எழுதிய "9"க்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இது தெரிய வேண்டுமானால் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே வார்டுக்குப் போய், மருந்து கொடுக்கும் ஒரு சுற்று முழுக்கக் கூடவே நிற்க வேண்டும், அதுவும் இரவு டூட்டியில். பிறகு ஐந்தாறு பேரிடம் தனித்தனியாக, "இது வந்தா உங்களுக்கு எங்க இடிக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதும். யார் என்ன சொன்னார் என்பதைப் பேச்சில் துளியும் காட்டக் கூடாது. "போன வாரம் ஒரு சிஸ்டர் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை வந்தாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அந்த சிஸ்டரைத்தான்.

கவலையைச் சொன்ன கையோடு "ஆனா" போடுவது

"வேலை கூடும்னு நினைக்கிறீங்க, ஆனா உண்மையில குறையும்." இந்த ஒரு வாக்கியத்தில் கவலையைச் சொன்னதன் பலன் மொத்தமும் போய்விடுகிறது. மறுப்பதற்காகவே சொன்னது போலாகிறது. கவலைகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை எந்தப் பதிலும் வேண்டாம். பேச்சு இப்படி இருக்கலாம்:

"ஒன்பது மணி மருந்தைப் பத்துப் பேருக்கும் ஒன்பதுக்கே கொடுக்க முடியாது. கம்ப்யூட்டர்ல 9:45னு விழுந்தா நாளைக்கு யார் பதில் சொல்றதுங்கறது முதல் விஷயம். சார்ட்லயும் எழுதி இதுலயும் போடணுமாங்கறது ரெண்டாவது. ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் நின்னா யாரைக் கூப்பிடறதுங்கறது மூணாவது."

இங்கே சில நொடி நிறுத்தி, "இதுல எதை விட்டுட்டேன்?" என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்டினால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். "பயப்படுறீங்க" என்ற சொல் எங்கேயும் வேண்டாம். இது வேலையில் உள்ள சிக்கல், அவர்களுடைய குறை இல்லை.

கையில் முடிவு இல்லாமல் போய் நிற்பது

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கெடுதல். கவலையைச் சரியாகச் சொல்லிவிட்டு "பார்த்துக்கலாம்" என்று முடித்தால், அதுவரை வாய்க்குள் இருந்த சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். ஒவ்வொரு கவலைக்கும் ஒரு முடிவை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

நேரத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான ஐஎஸ்எம்பி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்கும் சாதாரண மருந்துகளைக் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாகக் கொடுக்கலாம். சாப்பாட்டோடு போடும் இன்சுலின் போல நேரம் தவறக்கூடாத மருந்துகளை மருத்துவமனை தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவின்படி நம் சிஸ்டர் கொடுத்த 9:45 தாமதமே இல்லை. நர்சிங் சூப்பிரண்டு இதை ஏற்று, முதல் மூன்று மாதம் பதிவான நேரத்தை வைத்து யாருக்கும் மெமோ கிடையாது என்று தன் வாயாலேயே கூட்டத்தில் சொல்ல வேண்டும். இதே வாக்கியத்தை மென்பொருள் கம்பெனி ஆள் சொன்னால் மதிப்பில்லை. மெமோ கொடுப்பவர் அவர் இல்லையே.

இரட்டைப் பதிவில் "கொஞ்ச நாள் ரெண்டையும் வெச்சுக்கங்க" என்பது ஆபத்து. சார்ட்டில் கொடுத்தாயிற்று என்றும் திரையில் பாக்கி என்றும் இருந்தால், அடுத்த டூட்டி சிஸ்டர் அதே மருந்தை இன்னொரு முறை கொடுத்துவிடலாம். வார்டு வார்டாக மாற்றுங்கள். குறித்த நாளில், உதாரணமாகக் காலை எட்டு மணிக்கு, காகிதச் சார்ட்டில் குறுக்குக் கோடு போட்டு இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்திட்டு மூடட்டும். சிஸ்டம் நின்றால் பயன்படுத்த அச்சிட்ட படிவம் எந்த இழுப்பறையில் இருக்கும், எந்த எண்ணுக்கு அழைப்பது, திரும்ப வந்ததும் விட்டுப்போனதை யார் ஏற்றுவது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

நல்ல பதில் இல்லாத கவலையும் உண்டு. முதல் சில வாரம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதை மறைக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை, மருத்துவர்கள் மருந்து உத்தரவுகளைப் பதிவதற்காகக் கொண்டுவந்த கணினி முறையை 2003 ஜனவரியில், தொடங்கிய சில மாதத்திலேயே நிறுத்திவைத்தது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஆகும் கூடுதல் நேரம் அங்கே மருத்துவர்களின் முக்கியமான புகார். அதனால் "மெதுவாகும், முதல் ரெண்டு வாரம் மருந்து நேரத்துல ஒரு ஆள் கூட நிப்பாங்க" என்று சொல்லுங்கள். அந்த ஆள் உறுதியானால் மட்டும்.

நேரமும் அதற்குப் பிறகும்

மொத்தம் பதினைந்து நிமிடத்துக்குள் முடியட்டும்: கவலைகளுக்கு நான்கு, முடிவுகளுக்கு ஐந்து, ஒரே ஒரு மருந்தைப் பதிந்து காட்ட மூன்று, மீதி கேள்விகளுக்கு. டூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்புபவர்களை நிறுத்தி வைக்க வேண்டாம். இரவு டூட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு முறை பேசுங்கள். அவர்களுக்குச் சேதி காதுவழிச் செய்தியாகப் போனால் மெமோ என்ற சொல் மட்டும்தான் போய்ச்சேரும்.

பேச்சு எடுபட்டதா என்பது ஒரு வாரத்தில் பதிவிலேயே தெரியும். ஒரு வார்டில் பத்து நோயாளிகளின் மருந்தும் 9:58க்கு, ஒரே நிமிடத்தில் கொடுத்ததாக இருந்தால், எல்லாம் முடிந்தபின் மேசையில் உட்கார்ந்து மொத்தமாகத் தட்டியிருக்கிறார்கள். காரணம் நம்பிக்கையின்மையாகவும் இருக்கலாம், வண்டியில் இருக்கும் கணினியின் பேட்டரி நிற்காததாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு மெமோ அனுப்பினால் சூப்பிரண்டு கொடுத்த வாக்கு அன்றோடு போயிற்று, அடுத்த வார்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.