ஒரு நாற்காலி, மூன்று அடக்கவிலை: விலைக் குறியீட்டெண் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மர நாற்காலியை எடுத்துக்கொள்வோம். முடிந்த ஆண்டில் அதைச் செய்ய ஆன அடக்கவிலை 1000. வரும் ஆண்டு எவ்வளவு ஆகும் என்று மூன்று பேரிடம் கேட்டால் ஒருவர் 1180 என்கிறார், இன்னொருவர் 1100 என்கிறார், மூன்றாமவர் 1046 என்கிறார். மூவரும் பார்ப்பது ஒரே கணக்குப் புத்தகத்தை. ஓர் அடிப்படை ஆண்டின் விலையை 100 என வைத்து விலை மாற்றத்தைக் காட்டும் விலைக் குறியீட்டெண்ணைக் கையாண்ட விதம்தான் வேறு. எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தவறுகள் மட்டும் அன்றாடம் நடப்பவை.

அடிப்படைச் சூத்திரம் ஒரு வரிதான்.

```
வரும் ஆண்டுச் செலவு = முடிந்த ஆண்டுச் செலவு × (வரும் ஆண்டுக் குறியீடு ÷ முடிந்த ஆண்டுக் குறியீடு)
```

முதல் ஆள் தவறியது இங்கேயே. அவர் எடுத்துக்கொண்ட பொது நுகர்வோர் விலைக் குறியீடு முடிந்த ஆண்டில் 180, வரும் ஆண்டுக்கு எதிர்பார்ப்பது 198. 18 ஏறுகிறது, ஆகவே 18 சதவீதம் என்று போட்டுவிட்டார். ஏறியது 18 புள்ளி. 180-க்கு 18 என்பது 10 சதவீதம்தான். அடிப்படை ஆண்டில், அதாவது குறியீடு சரியாக 100-ஆக இருக்கும்போது மட்டும்தான் புள்ளியும் சதவீதமும் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து விலகிப் போகப் போக இந்தத் தவறு பெரிதாகிக்கொண்டே போகும். எப்போதும் வகுத்துப் பாருங்கள், கழித்துப் பார்க்காதீர்கள்.

இரண்டாம் ஆள் சரியாக வகுத்தார், 1100 வந்தது. ஆனால் நுகர்வோர் விலைக் குறியீடு அளப்பது ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களின் விலையை: சாப்பாடு, வாடகை, துணிமணி, பயணம். பட்டறையில் அறுபடும் மரத்துக்கும் அந்தக் கூடைக்கும் தொடர்பு குறைவு. மூன்றாம் ஆள் 1000-ஐப் பிரித்துப் பார்த்தார். மரம் 462, கூலி 300, மின்சாரமும் வார்னிஷும் 90, இயந்திரத் தேய்மானமும் வாடகையும் 148. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய குறியீட்டைத் தேடினார். மரக் குறியீடு 126-லிருந்து 132, ஆக மரச்செலவு 484. கூலிக் குறியீடு 150-லிருந்து 159, ஆக 318. மின்சாரம், வார்னிஷ் 120-லிருந்து 128, ஆக 96. கடைசி 148-ஐ அவர் தொடவே இல்லை. கூட்டினால் 1046.

அந்த 148-ஐத் தொடாமல் விட்டது சோம்பலால் அல்ல. தேய்மானம் என்பது இயந்திரம் வாங்கிய அன்றைய விலையை ஆண்டுகளுக்குப் பங்கிட்டது. ஒவ்வோர் ஆண்டுக்கும் சம தொகை போடும் நேர்கோட்டு முறையில் பங்கிட்டிருந்தால், சந்தையில் அதே இயந்திரம் இன்று இரண்டு மடங்கு விற்றாலும் புத்தகத்தில் வரும் தொகை மாறாது. வாடகை ஒப்பந்தம் வரும் ஆண்டு முழுதும் அதே தொகைக்கு இருந்தால் அதுவும் அப்படியே. மரத்துக்கே முன்கூட்டி விலை பேசி முடித்திருந்தால், அந்தப் பகுதிக்கும் குறியீடு வேண்டாம். பேசிய விலையைப் போட்டால் போதும். குறியீடு என்பது விலை தெரியாத இடத்தில் பயன்படுத்தும் கருவி. விலை தெரிந்த இடத்தில் அதைப் பயன்படுத்துவது இருக்கிற தகவலைக் கெடுப்பதாகும்.

அப்புறம், அந்த 148-இல் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. 1000 நாற்காலி செய்தபோது ஒன்றுக்கு 148 வந்தது, மொத்தம் 148,000. வரும் ஆண்டு 800 நாற்காலிதான் என்றால் அதே தொகை ஒன்றுக்கு 185 ஆகிவிடும், அடக்கவிலை 1083. ஒரு விலைகூட ஏறாமல் வந்த ஏற்றம் இது. எந்தக் குறியீடும் இதைக் காட்டாது. அதனால் நிலையான செலவை மொத்தமாக வைத்துக்கொண்டு கடைசியில் எண்ணிக்கையால் வகுப்பதே நல்லது.

சரி, இப்போது மரத்துக்கு வருவோம். அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது காலப் பொருத்தத்தை. முடிந்த ஆண்டில் மரக் குறியீடு முதல் மாதம் 121, பன்னிரண்டாம் மாதம் 131, சராசரி 126 என்று வைத்துக்கொள்வோம். 462 என்ற செலவு ஆண்டு முழுக்க, எல்லா மாத விலையிலும் வாங்கிய மரத்துக்கானது. ஆகவே அதற்குப் பொருந்தும் குறியீடு சராசரியான 126. ஆனால் மேசைமேல் இருப்பது கடைசியாக வெளிவந்த 131. அதைக் கீழே போட்டு 132-ஐ மேலே வைத்தால் 465.5 வரும், சரியான விடையான 484-க்கு 18 குறைவு. ஒவ்வொரு நாற்காலியிலும் இந்த 18 கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆண்டு முடிவில் மரம் ஏன் இவ்வளவு தின்றது என்று தேடுவோம். ஆண்டுச் செலவுக்கு ஆண்டுச் சராசரி. ஒரு குறிப்பிட்ட மாதத்துக் கொள்முதலுக்கு அந்த மாதக் குறியீடு. மேலேயும் கீழேயும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

இதில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. மரத்தை வாங்கியதும் அறுப்பதில்லை, காயவைக்கிறோம். மூன்று மாதம் காய்ந்து, வாங்கிய வரிசையிலேயே செலவுக்கு வருகிறது என்றால், இந்த ஆண்டுக் கணக்கில் உள்ள மரச்செலவு மூன்று மாதம் முந்தைய விலையில் நிற்கிறது. அப்போது குறியீட்டுச் சராசரியையும் மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டும், வரும் ஆண்டுக்கும் அதேபோல். விலை மெல்ல நகரும் பொருளுக்கு இது பெரிதல்ல. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏறிவந்த பொருளின் ஏற்ற வேகம் மாறும்போது நன்றாகவே தெரியும்.

அடுத்து, குறியீட்டு வரிசையே நடுவில் மாறுவது. வெளியிடும் அமைப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிப்படை ஆண்டை மாற்றுகின்றன. பழைய வரிசையில் மரக் குறியீடு முதல் ஆண்டில் 100, இரண்டாம் ஆண்டில் 112. புதிய வரிசை இரண்டாம் ஆண்டை 100 ஆக வைத்துத் தொடங்குகிறது, மூன்றாம் ஆண்டில் 112.5. அட்டவணையில் அடுத்தடுத்து 112, 112.5 என்று பார்க்கிறவர் மரவிலை ஏறவே இல்லை என்று நம்பிவிடுவார். உண்மையில் அந்த ஆண்டு ஏறியது 12.5 சதவீதம். இரண்டு வரிசையும் சேர்ந்து கிடைக்கும் ஆண்டைப் பிடித்து இணைக்க வேண்டும்: 112-ஐ 1.125 ஆல் பெருக்கினால் மூன்றாம் ஆண்டுக்கு 126. நாம் மேலே பயன்படுத்திய 126 அப்படி வந்ததுதான். இணைக்காமல் விட்ட வரிசையில் எண்கள் தாறுமாறாகக் குதித்தால் கண்டுபிடித்துவிடலாம். இப்படித் தற்செயலாக அருகருகே விழுந்தால்தான் ஆபத்து. அதனால் எந்த எண்ணை எடுத்தாலும் அதன் அடிப்படை ஆண்டைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பலர் மூன்று ஆண்டுச் செலவை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள், அல்லது அதன் போக்கை நீட்டுகிறார்கள். நம் நாற்காலியின் மரச்செலவு மூன்று ஆண்டுகளில் 400, 440, 462. ஏறிக்கொண்டே போகிறது என்று தோன்றும். மூன்றையும் வரும் ஆண்டு விலைக்கு, அதாவது 132-க்குக் கொண்டுவந்து பாருங்கள். 400 × 132 ÷ 100 = 528. 440 × 132 ÷ 112 = 519. 462 × 132 ÷ 126 = 484. ஏறுவதாகத் தெரிந்தது இறங்குகிறது! விலையின் பாதிப்பை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு மரம் செலவாயிற்று என்பதுதான், அது குறைந்திருக்கிறது. கடைசி ஆண்டில் திடீரென்று குறைந்ததற்குக் காரணம் கேட்க வேண்டும். வெட்டும் இயந்திரம் மாறி வீண் துண்டு குறைந்ததா? அப்படியானால் வரும் ஆண்டுக்குச் சரியான எண் 484. மூன்றின் சராசரியான 510-ஐ எடுத்தால் பழைய இயந்திரத்தின் வீணையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றுகிறோம். மாறாக, மெல்லிய பலகை போட்டதால் குறைந்தது, வரும் ஆண்டு பழைய தடிமனுக்கே திரும்பப் போகிறோம் என்றால், 519-ஐ ஒட்டிய எண்தான் பொருந்தும். குறியீடு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஆனால் அதைப் போடாமல் இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

கடைசியாக, இதுவரை கேள்வி கேட்காமல் வைத்திருந்த அந்த 132. வரும் ஆண்டுக் குறியீட்டை யாரும் இன்னும் வெளியிடவில்லை, அது நம் ஊகம். முடிந்த ஆண்டு 131-இல் நின்றது. மரவிலை இனி அனேகமாக அசையாது என்று நினைத்தால் 132. கடந்த பன்னிரண்டு மாதமும் ஏறிய அதே வேகத்தில் மாதாமாதம் ஏறும் என்றால் சராசரி சுமார் 137 வரும், மரச்செலவு 502. இரண்டு ஆண்டுகளாக ஏறிய அதே 12 சதவீதம் என்றால் 141, மரச்செலவு 517. 484-க்கும் 517-க்கும் இடையே 33 வித்தியாசம். மேலே சொன்ன தவறுகள் எல்லாவற்றையும் தவிர்த்த பிறகும் இந்த 33 மிஞ்சி நிற்கும். இதை மறைத்து 1046 என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால், படிப்பவர் அதை உறுதியானதாக எடுத்துக்கொண்டு விற்பனை விலையை நிர்ணயித்துவிடுவார். ஆகவே மதிப்பீட்டுத் தாளில் மரத்துக்கு எதிரே 132 என்ற எண்ணையும், அதை ஏன் எடுத்தோம் என்ற ஒரு வரியையும், 141 ஆனால் அடக்கவிலை 1079 ஆகும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் மூன்று மாதக் குறியீடுகள் வந்ததும் எந்தப் பாதையில் போகிறோம் என்று அந்தத் தாளை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வரும் மாத எண்கள் பெரும்பாலும் தற்காலிகமானவை, பின்னால் திருத்தப்படும். பழைய மாதங்களையும் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டே கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.