பைல் லோட் டெஸ்ட்: பைல் எந்த லோடில் தோற்றது என்று கிராஃபில் பார்ப்பது எப்படி?

500 மி.மீ. விட்டமுள்ள ஒரு போர்டு பைல், அதாவது மண்ணில் துளையிட்டு கான்கிரீட் ஊற்றிய அஸ்திவாரத் தூண், டிசைன் லோட் 60 டன் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தைத் தாங்கப்போகும் பைல் இல்லை, சோதனைக்கென்றே போட்ட பைல். பைல் லோட் டெஸ்ட்டுக்கான இந்தியக் கோட் ஐ.எஸ். 2911 பகுதி 4 இதை இனிஷியல் டெஸ்ட் என்கிறது. டிசைன் லோடைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 150 டன் வரை ஏற்றிப் பார்க்கலாம், பைல் தோற்றாலும் நஷ்டமில்லை.

முதலில் ஏற்பாடு. பைல் தலையைச் சமமாக வெட்டி, மேலே ஸ்டீல் பிளேட் வைத்து, அதன்மேல் ஹைட்ராலிக் ஜாக். ஜாக் மேல்நோக்கித் தள்ளும்போது எதிர்த்து நிற்க ஒரு பாரம் வேண்டுமே, அதுதான் கென்ட்லெட்ஜ்: கர்டர்களின்மேல் மணல் மூட்டையோ கான்கிரீட் பிளாக்கோ அடுக்குவார்கள். டெஸ்ட் லோடைவிட 25 சதவீதம் கூடுதலாக, இங்கே சுமார் 190 டன், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைல் இறங்குவதற்குப் பதில் மூட்டைகள் எழும்பும்.

அப்புறம், பைல் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க டயல் கேஜ். குறைந்தது இரண்டு, பைலின் எதிரெதிர்ப் பக்கங்களில். இவற்றைத் தாங்கும் டேட்டம் பாரின் கால்கள் பைலிலிருந்து தள்ளி, பைல் விட்டத்தின் 3 மடங்கு தூரத்திலாவது (1.5 மீட்டருக்குக் குறையாமல்) ஊன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் பைலோடு சேர்ந்து மண்ணும் இறங்கும், பாரும் கூடவே இறங்கினால் கேஜ் பொய் சொல்லும். வெயிலும் அப்படித்தான்: பார் சூடாகி வளைந்தால், லோடை மாற்றாமலே ரீடிங் நகரும். மேலே தார்ப்பாய் கட்டிவிடுங்கள்.

இனி லோட் ஏற்றுவது. ஒரு படிக்கு டிசைன் லோடில் 20 சதவீதம், அதாவது 12 டன். ஜாக்கின் ராம் பரப்பு 500 சதுர செ.மீ. என்றால் 12,000 கிலோவை 500 ஆல் வகுக்க, பிரஷர் கேஜில் 24 கிலோ/ச.செ.மீ. வர வேண்டும். ஜாக்கின் காலிப்ரேஷன் சான்றிதழைப் பார்க்காமல் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு படியிலும் பைல் இறங்குவது அடங்கும்வரை லோடை அப்படியே பிடிக்க வேண்டும். முதல் அரை மணியில் 0.1 மி.மீ. அல்லது முதல் ஒரு மணியில் 0.2 மி.மீ. என்ற அளவுக்கு வேகம் குறைந்ததா, இல்லை 2 மணி நேரம் ஆகிவிட்டதா, எது முதலில் வருகிறதோ அதோடு அடுத்த படி. இரண்டு கேஜும் வெகுவாக வேறுபட்டால் லோட் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது என்று அர்த்தம். சராசரி போட்டு மறைக்காமல், நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

சரி, ரீடிங் கிடைத்துவிட்டது. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை (டன் – மி.மீ.):

12 – 0.6
36 – 2.1
60 – 4.1
84 – 7.6
96 – 10.4
108 – 15
120 – 24
132 – 52

கிராஃபில் லோட் கிடை அச்சில், இறக்கம் கீழ்நோக்கி. முதலில் கிட்டத்தட்ட நேர்கோடு, 84க்குப் பிறகு வளைவு, 120ஐத் தாண்டியதும் செங்குத்தாகச் சரிவு. சைட்டிலும் இது தெரியும்: 132 டன்னில் பம்ப் அடிக்க அடிக்க பைல் இறங்கிக்கொண்டே இருக்கும், பிரஷர் முள் நிற்காது.

அப்படியானால் தோற்ற லோட் எது? கண்ணால் "இங்கேதான் உடைகிறது" என்று சொல்வது ஆபத்து. இறக்க அச்சை நீட்டி வரைந்தால் உடைவு முன்னாலேயே வந்தது போலத் தெரியும், சுருக்கினால் தள்ளிப்போகும். தொடக்க நேர்கோட்டையும் கடைசிச் சரிவையும் நீட்டினால் அவை சுமார் 113 டன்னில் வெட்டும், ஆனால் எந்தப் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டோம் என்பதைப் பொறுத்து அதுவும் நகரும்.

அதனால்தான் கோட் பார்வையை நம்பாமல், இறக்கத்தை வைத்து இரண்டு எல்லைகளைச் சொல்கிறது. 600 மி.மீ. வரையுள்ள பைலுக்கு 12 மி.மீ. இறக்கம் வரும் லோடில் மூன்றில் இரண்டு பங்கு. அல்லது விட்டத்தில் 10 சதவீதம் இறங்கும் லோடில் பாதி. எது குறைவோ அதுதான் சேஃப் லோட். நம் பைலில் 12 மி.மீ. என்பது 96க்கும் 108க்கும் நடுவே, விகிதம் போட்டால் சுமார் 100 டன், அதில் மூன்றில் இரண்டு பங்கு 67. 10 சதவீதம் என்றால் 50 மி.மீ., அது சுமார் 131 டன்னில் வருகிறது, பாதி 65.5. ஆக, தோல்வி லோட் 131 டன் என்றும் சேஃப் லோட் 65 டன் என்றும் எழுதலாம். டிசைனுக்கு 60 போதும், பைல் பாஸ். 150 டன்னை எட்டவில்லையே என்று பதற வேண்டாம், தோற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்த டெஸ்ட்.

கட்டடத்தின் அடியிலேயே நிற்கப்போகும் பைலில் செய்யும் ரொட்டீன் டெஸ்ட்டில் இந்தத் தேடலே கிடையாது. அங்கே ஒன்றரை மடங்கு, இங்கே என்றால் 90 டன், அதற்குள் இறக்கம் 12 மி.மீ.யைத் தாண்டாமல் இருந்தால் சரி. அந்தக் கிராஃபில் சரிவு வராது, வரவும் கூடாது; அதை நீட்டி வரைந்து தோல்வி லோட் கண்டுபிடித்ததாக யாராவது ரிப்போர்ட் தந்தால் திருப்பி அனுப்புங்கள்.