டிபிஎஸ் பார்த்துத் துப்பாக்கி எடுக்காதீர்கள், தோட்டாவை எண்ணுங்கள்

வேலரன்ட் ஷூட்டிங் கேமில் வேண்டல் துப்பாக்கியா ஃபேன்டம் துப்பாக்கியா என்ற சண்டையில் பலரும் டிபிஎஸ்ஸைத்தான், அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு டேமேஜ் என்ற கணக்கைத்தான், ஆதாரமாகக் காட்டுவார்கள். எதிரி ஒரு நொடி முழுக்க உயிரோடு நிற்கப்போவதில்லை. அவர் விழ எத்தனை தோட்டா வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எதிரியின் மொத்த உயிர்ப் புள்ளிகள். உடல் 100, கனமான கவசம் 50, ஆக 150.

அடுத்து, நீங்கள் வழக்கமாகச் சண்டை போடும் தூரத்தில் ஒரு தோட்டாவின் டேமேஜ். 25 மீட்டரில் உடம்பில் பட்டால் வேண்டல் 40, ஃபேன்டம் 35. நொடிக்கு வேண்டல் 9.75 தோட்டா, ஃபேன்டம் 11. பெருக்கினால் டிபிஎஸ் 390, 385. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 150ஐ 40ஆல் வகுத்தால் 3.75, அதாவது 4 தோட்டா. 35ஆல் வகுத்தால் 4.29. கால் தோட்டா சுட முடியாதே, அதனால் 5. வெறும் 10 புள்ளிக்காக ஃபேன்டம் இன்னொரு முறை சுட வேண்டியிருக்கிறது.

அப்புறம் நேரம். பலரும் சறுக்குவது இங்கேதான். ட்ரிக்கரை அழுத்தியதுமே முதல் தோட்டா போய்விடும், அதற்குக் காத்திருப்பு கிடையாது. 4 தோட்டாவுக்கு நடுவே இருப்பது 3 இடைவெளிதான். அதனால் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் வேகத்தால் வகுக்க வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் இப்படிப் போடுங்கள்:

```
=(ROUNDUP(150/40,0)-1)/9.75
=(ROUNDUP(150/35,0)-1)/11
```

வேண்டலுக்கு 0.31 நொடி, ஃபேன்டமுக்கு 0.36. டிபிஎஸ்ஸில் ஒன்றரை சதவீத வித்தியாசம்கூட இல்லாத இடத்தில் இவ்வளவு இடைவெளி! அந்த ஒன்றைக் கழிக்காவிட்டால் தலையில் ஒரே தோட்டாவில் விழுகிறவருக்கும் நேரம் ஆவதாகக் கணக்கு காட்டும்.

தலைக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். அந்தத் தூரத்தில் வேண்டல் 160, ஆள் காலி. ஃபேன்டம் 140, எதிரி 10 புள்ளியோடு தப்பித்துத் திருப்பிச் சுடுவார். செத்த பிறகு காம்பாட் ரிப்போர்ட்டில் 140 என்று அடிக்கடி பார்க்கிறீர்களா? தூரத்துக்குத் தப்பான துப்பாக்கியை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இணையத்தில் கிடைக்கும் டிபிஎஸ் பட்டியல்களைவிட இந்த இரண்டு வரி ஷீட்டைத்தான் நான் நம்புவேன். பேட்ச் வந்து எண் மாறினால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ரேஞ்சில் போட்களுக்குக் கவசம் போட்டுச் சுட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: லேசான கவசம் என்றால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, விடையே தலைகீழாகிறது. மொத்தம் 125 என்பதால் இரண்டுக்கும் 4 தோட்டா போதும். ஃபேன்டம் 0.27 நொடியில் முடிக்கும், வேண்டல் அதே 0.31. தலையில் 140 பட்டாலும் ஆள் விழுந்துவிடுவார். ஆகவே எதிரணி பணமில்லாமல் லேசான கவசத்தோடு வரும் ரவுண்டில் ஃபேன்டம் எடுப்பேன். இந்த நேரமெல்லாம் ஒரு தோட்டாவும் தவறாமல் பட்டால்தான். தவறும் ஒவ்வொன்றுக்கும் வேண்டலில் 0.10, ஃபேன்டமில் 0.09 நொடி கூட்டிக்கொள்ளுங்கள்.