கட்டிலில் சரிந்துவிட்ட நோயாளியை முதுகு பிடிக்காமல் மேலே நகர்த்துவது எப்படி?

தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருக்கும் நோயாளி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிவார். ஒரு கட்டத்தில் பாதம் கால்மாட்டுக் கம்பியில் இடிக்கும். அப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று, கக்கத்தில் கை கொடுத்து, "ஏலேலோ" என்று மேலே இழுப்பார்கள். செவிலியர், ஆயாம்மா, வார்டு அட்டெண்டர் என எல்லோரும் ஒரே ஷிஃப்டில் பலமுறை செய்யும் வேலை இது. முதுகு கெட்டுப்போவதும் இதில்தான். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் எடுத்து, புதிதாகப் பணிக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். வலங்கைமான் பக்கத்து விவசாயி, 70 கிலோ எடை. பக்கவாதத்தால் இடது கையும் காலும் வரவில்லை, வலது பக்கம் நன்றாக இருக்கிறது. மூத்திரப் பை மாட்டியிருக்கிறது. கூட இருப்பவர் அவருடைய மகன், நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குபவர்.

முதுகில் என்ன நடக்கிறது

குனிந்து கையை நீட்டிப் பிடிக்கும்போது பாரம் முதுகெலும்பிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசைகளோ இடுப்பில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுக்குப் பின்னால் 5 செ.மீ. அளவில்தான் இருக்கின்றன. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. கையில் 10 கிலோ என்றால் தசை 100 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும், அந்த இழுப்பு முழுவதும் வட்டின் மேல் அழுத்தமாக இறங்கும். குனிந்திருக்கும் நம் உடம்பின் எடை இதில் சேரவில்லை. இடுப்பைத் திருப்பிக்கொண்டே இழுத்தால் வட்டின் ஓரம் இன்னும் சிரமப்படும். அடிமுதுகில் கடைசி இரண்டு வட்டுகள்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன.

அந்த மகன் 40 கிலோ சிப்பத்தைத் தோளில் ஏற்றி நிமிர்ந்து நடப்பதற்குக் காரணம், பாரம் அவர் உடம்போடு ஒட்டியிருப்பதுதான். நோயாளியை அப்படி ஒட்டிப் பிடிக்க வழியில்லை. ஆகவே நாம் தூக்கக் கூடாது, சறுக்கி நகர்த்த வேண்டும்.

முதல் படி: தொடும் முன் பாருங்கள்

மூக்குக் குழாய் வழியாகச் சற்று முன்புதான் உணவு கொடுத்திருந்தால் தலையைத் தாழ்த்தாதீர்கள், புரையேறும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். படுத்தால் மூச்சு முட்டுபவரையும் முழுதாகப் படுக்க வைக்க முடியாது. அவர் தாங்கும் அளவுக்கு மட்டும் தாழ்த்தி, கூட ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு அல்லது இடுப்பெலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் இந்த முறையே வேண்டாம், மருத்துவர் சொல்கிறபடிதான் அசைக்க வேண்டும்.

மூத்திரப் பை, ட்ரிப் குழாய் இரண்டும் தலைப்பக்கம் நகரும்போது இழுபடாமல் தளர்வாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: கட்டிலைத் தயார் செய்யுங்கள்

சக்கரக் கட்டில் என்றால் பிரேக்கைப் போடுங்கள். கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைச் சமமாகத் தாழ்த்துங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இதுதான். தலை உயர்ந்திருக்கையில் நகர்த்துவது மேட்டில் வண்டி தள்ளுவதற்குச் சமம். தலையணையை எடுத்துத் தலைமாட்டுக் கம்பியில் சாய்த்து நிறுத்துங்கள், தலை இடிக்காது.

மூன்றாம் படி: விரிப்பு

தோளிலிருந்து தொடை வரை எட்டும்படி ஒரு ட்ரா ஷீட் அவருக்கு அடியில் வேண்டும். இல்லையென்றால் பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, அவரை ஒருபுறம் ஒருக்களித்து உள்ளே செருகலாம். அடியில் ரப்பர் ஷீட் இருந்தால் துணி அதில் ஒட்டிப் பிடிக்கும். அதற்கும் ட்ரா ஷீட்டுக்கும் நடுவே சுத்தமான பெரிய பாலித்தீன் உறை ஒன்றைப் பரப்பினால் வேலை பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். சறுக்கு விரிப்பு வாங்கித் தராத இடங்களில் இது நல்ல மாற்று. ஆனால் தோலில் படக் கூடாது, வேலை முடிந்த உடனே உருவிவிட வேண்டும். விட்டுவிட்டால் அவர் மறுபடி சரிவார், கட்டிலிலிருந்தே விழவும் கூடும்.

நான்காம் படி: நோயாளியின் பங்கு

வராத கையை வயிற்றின் மேல் வைத்துவிடுங்கள். வலது முழங்காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றச் சொல்லுங்கள். "ஐயா, நாடியை நெஞ்சோடு சேர்த்து வைங்க. மூணு சொன்னதும் இந்தக் காலால உந்துங்க" என்றால் போதும். அவர் உந்துவது நம் முதுகில் இருந்து பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும்.

கக்கத்தில் கை கொடுக்காதீர்கள் என்று மகனிடமும் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த தோள் மூட்டைத் தசை இறுகப் பிடித்திருக்காது, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி பல மாதம் நிற்கும்.

ஐந்தாம் படி: நிற்பதும் நகர்த்துவதும்

இதை நிதானமாகப் பழகுங்கள். இருவரும் நோயாளியின் இடுப்புக்கு நேராக, ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள். முகமும் பாதமும் தலைமாட்டை நோக்கி இருக்கட்டும். ஒரு காலை முன்னே வையுங்கள், இரண்டு முழங்காலும் லேசாக மடங்கட்டும். ட்ரா ஷீட்டின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டும் வரை சுருட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் முழங்கை தானாக விலாவோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒருவர் மட்டும் எண்ண வேண்டும். மூன்று என்றதும் கையால் இழுக்காமல், பின்காலில் இருக்கும் உடம்பு எடையை முன்காலுக்கு மாற்றுங்கள். கையும் முதுகும் பிடித்தபடி இருந்தால் போதும், நகர்த்துவது தொடைதான். ஒரே மூச்சில் மேலே கொண்டுபோக வேண்டாம். ஒரு சாண் நகர்த்தி, நீங்களும் ஓரடி முன்னே வந்து, மறுபடி எண்ணுங்கள்.

உயரம் மாற்ற முடியாத கட்டில் பல வார்டுகளில் உண்டு. அது உங்களுக்குத் தாழ்வாக இருந்தால் கட்டில் பக்கத்து முழங்காலை மெத்தை ஓரத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். குனிவது குறையும், நோயாளியும் அருகில் வருவார்.

சரியாகச் செய்கிறீர்களா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: முடித்ததும் தொடையில் உழைப்பு தெரிய வேண்டும். அடிமுதுகில் இழுப்பு தெரிந்தால் குனிந்தோ திரும்பியோ செய்திருக்கிறீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

நிற்கும் முறை எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு எல்லை இருக்கிறது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் தூக்கும் கணக்கை வைத்து, நோயாளிகளைக் கையாளும்போது ஒருவர் மேல் விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007-இல் பரிந்துரைத்தார்கள். சறுக்கி நகர்த்தும்போது முழு எடையும் நம் கையில் வராது. நம் விவசாயி காலால் உந்துகிறார், அடியில் பாலித்தீன் இருக்கிறது, ஆகவே இருவர் சமாளிக்கலாம். அதே 70 கிலோவில் நினைவே இல்லாதவர் என்றால் நான்கு பேரைக் கூப்பிடுங்கள். இரவு டியூட்டியில் தனியாக இருக்கும்போது அவசரம் இல்லாத நகர்த்தலைப் பக்கத்து வார்டு ஆள் வரும்வரை தள்ளிவையுங்கள். இடுப்பு பெல்ட் கட்டினால் கூடுதலாகத் தூக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

மறுபடி சரியாமல் இருக்க

மேலே ஏற்றிய பின் முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்துங்கள், அப்புறம்தான் தலைப்பக்கம். வரிசை மாறினால் அரை மணியில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். முழங்கால் பகுதி உயராத கட்டிலில் தொடைக்கு அடியில் சுருட்டிய போர்வை வையுங்கள். முழங்கால் குழியில் அழுத்தக் கூடாது.

வலி வந்துவிட்டால்

சாதாரணப் பிடிப்புக்கு நாள் கணக்கில் படுத்திருப்பது நல்லதல்ல, மெதுவாக நடமாடுங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்தால், கால் கட்டைவிரலைத் தூக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.