படத்தைச் சுருக்கும்போது லீனியரா, காமாவா: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

கடந்த மாதம் ஒரு தம்பி தன் ஸ்கிரிப்டைக் காட்டினார். படங்களைச் சுருக்கினால் கறுத்துப்போகிறது, அதனால் கடைசியில் வெளிச்சத்தைப் பத்து சதவீதம் ஏற்றிவிடுகிறேன் என்றார். எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்தது. அதே வேலையை நானும் செய்து, முழுசாக ஒரு வாரத்தைத் தொலைத்தவன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். ஜேபெக், பிஎன்ஜி கோப்புகளில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் அளவு இல்லை. நம் கண் இருட்டில் நுட்பமாகவும் வெளிச்சத்தில் சோம்பலாகவும் பார்ப்பதால், அதற்கேற்ப வளைத்துச் சேமித்த எண்கள் அவை. இந்த வளைவைத்தான் காமா என்கிறோம். 128 என்ற எண் வெள்ளையின் பாதி ஒளி என்று தோன்றும், ஆனால் உண்மையில் சுமார் 22 சதவீதம்தான். பாதி ஒளிக்கு உரிய எண் 188. படத்தைச் சுருக்குவது என்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுப்பது. வளைந்த எண்களை அப்படியே சராசரி எடுத்தால் ஒளியின் சராசரி கிடைக்காது. பெரும்பாலான கருவிகள் இன்றும் அப்படித்தான் எடுக்கின்றன. இதைத்தான் காமாவில் சுருக்குவது என்கிறேன். எண்களை முதலில் ஒளியின் அளவாக மாற்றி, சராசரி எடுத்து, திரும்ப வளைப்பது லீனியரில் சுருக்குவது.

முகப்படத்தை வைத்துச் சோதிப்பது

என் கதை இங்கேதான் ஆரம்பம். ஒரு துணிக்கடையின் இணையதளத்துக்குப் படங்களைத் தயார் செய்யும் வேலை. லீனியர், காமா இரண்டையும் ஒப்பிட, கையில் இருந்த ஒரு முகப்படத்தை இரண்டு விதமாகவும் சுருக்கிப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. ‘இதெல்லாம் வெட்டிப்பேச்சு’ என்று காமாவிலேயே எல்லாப் படங்களையும் ஓட்டிவிட்டேன்.

முகத்தில் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. கன்னத்தில் அடுத்தடுத்த பிக்சல்கள் 150, 170 என்று இருக்கும். எண்களைச் சராசரி எடுத்தால் 160. ஒளியாக மாற்றிச் சராசரி எடுத்து, திரும்ப வளைத்தாலும் அதே 160தான். இப்போது கறுப்பு வெள்ளைப் பொடிக் கட்டம் போட்ட சட்டைத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். இருண்ட நூல் 40, வெளிர் நூல் 220. எண்களின் சராசரி 130. ஒளியின் சராசரியை எடுத்தால் 163. ஒன்று அழுக்குச் சாம்பல், இன்னொன்று நல்ல வெளிர் சாம்பல். பக்கத்தில் வைக்காமலே கண்ணுக்குத் தெரியும்.

ஆக, வித்தியாசம் தெரிய இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். பக்கத்துப் பிக்சல்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு, அதோடு அந்த ஏற்றத்தாழ்வு சுருக்கும்போது கரைந்துபோகிற அளவுக்குப் பொடியாக இருப்பது. நெசவு, சரிகை, வானத்தை மறைக்கும் இலைகள், இரவில் தூரத்து விளக்குகள், விண்மீன்கள் எல்லாம் இந்த வகை. வண்ணமும் மாறும். சிவப்பும் பச்சையும் மாறிமாறி வரும் மெல்லிய கோடுகளைச் சுருக்கினால் லீனியரில் மஞ்சள் வரும், காமாவில் இருண்ட ஆலிவ் நிறம் வரும்.

தளம் வெளியானதும் கடைக்காரர் கூப்பிட்டார். “சின்னப் படத்துல சட்டை கறுப்பா இருக்கு, தொட்டா வெளுத்துடுது. எது நிஜம்னு கஸ்டமர் கேக்குறாங்க சார்.” நான் என்ன செய்தேன்? எல்லாச் சின்னப் படங்களுக்கும் வெளிச்சத்தை ஏற்றினேன். கட்டம் போட்ட சட்டைகள் சரியாயின. சாதாரண மெரூன் சட்டைகள் எல்லாம் சாயம் போனவை போல ஆகிவிட்டன. ஏனென்றால் ஒரே நிறத் துணியில் பிழையே இல்லை, நான்தான் புதிதாக ஒன்றை உண்டாக்கினேன். படத்துக்குள் ஒவ்வொரு இடத்திலும் பிழை வேறு வேறு அளவு. நெசவின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்தது அது. சராசரி எடுத்த பிறகு அந்த ஏற்றத்தாழ்வே படத்தில் இல்லை. எந்த வளைவைப் போட்டும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தத் தம்பியின் பத்து சதவீதமும் இதே கதைதான்.

சரி, புத்தி வந்து லீனியருக்கு மாறினேன். படங்களைக் கட்டளை வரியில் மாற்ற உதவும் இமேஜ்மேஜிக்கில் இது ஒரு வரி:

```
magick in.jpg -colorspace RGB -resize 800x -colorspace sRGB out.jpg
```

இங்கே `RGB` என்றால் லீனியர், `sRGB` என்றால் வளைத்தது. ஓட்டிப் பார்த்தால் சட்டை அதே கறுப்பு! இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். என் ஸ்கிரிப்டில் வேகத்துக்காக எப்போதோ போட்ட `-define jpeg:size=800x800` கிடந்தது. அது இருந்தால் ஜேபெக்கைத் திறக்கும்போதே நூலகம் படத்தைச் சிறிதாக்கிக் கொடுத்துவிடும். 4000 பிக்சல் அகலப் படம் என் கைக்கு வரும்போதே 1000 ஆகிவிட்டது. அந்தச் சுருக்கம் வளைந்த எண்களில்தான் நடக்கிறது. நூல் எல்லாம் அங்கேயே கரைந்துபோனபின் நான் லீனியராக்கி என்ன பயன்? பைதானின் பில்லோ நூலகத்தில் உள்ள `thumbnail()` கூட ஜேபெக்கில் இதையே சத்தமில்லாமல் செய்கிறது. `vipsthumbnail`-இல் `--linear` கொடுத்தால் இந்த முன்சுருக்கத்தை அது தானே நிறுத்திவிடும். அதனால் மெதுவாகும், அது தவறு இல்லை.

சந்தேகம் வந்தால் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகை போல ஒரு படம் செய்து, உங்கள் முழுச் சங்கிலியிலும் விட்டுப் பாதியாக்கிப் பாருங்கள். 188க்குப் பக்கத்தில் வந்தால் லீனியர். 128 வந்தால் எங்கோ ஒரு இடத்தில் காமாவிலேயே சுருங்குகிறது. ஜேபெக் வாசிப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமானால், அந்தப் படத்தை உயர்ந்த தரத்தில் ஜேபெக்காகவே சேமித்து உள்ளே விடுங்கள்.

லீனியராக்கி 8 பிட்டில் வைப்பது

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் விழும் குழி இது. படத்தை லீனியராக மாற்றி, அந்த எண்களை மறுபடி 0 முதல் 255 வரையான முழு எண்களாக உருட்டி வைத்துக்கொள்கிறார்கள். லீனியரில் இருட்டுக்கு உள்ள இடம் மிகக் குறைவு. திரும்ப வளைத்தால் நிழல் பகுதியில் கிடைக்கும் எண்கள் 0, 13, 22, 28, 34 மட்டும்தான். இடையில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. தலைமுடி, கறுப்புச் சேலை மடிப்பு, இரவு வானம் எல்லாம் படிக்கட்டு போலத் துண்டு துண்டாகத் தெரியும். தசம எண்களில் அல்லது குறைந்தது 16 பிட்டில் கணக்குப் போடுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை 8 பிட்டுக்கு இறங்கினால் போதும்.

பெரிதாக்கும்போதும் லீனியர்

வேண்டாம். லான்சோஸ் மாதிரிக் கூர்மையான வடிகட்டிகள் விளிம்பின் இரு பக்கமும் சிறு அலையை உண்டாக்கும். லீனியரில் இருட்டுப் பக்கத்து அலை கண்ணுக்குப் பல மடங்காகத் தெரியும், வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கரி பூசியது போல. எம்பிவி பிளேயரில் சிறிதாக்க `linear-downscaling`, பெரிதாக்க `sigmoid-upscaling` என்று தனித்தனி அமைப்புகள் இருப்பது இதனால்தான்.

ஸ்கேன் செய்த பக்கங்கள்

இங்கே நான் சரியான கணக்கை விட்டுவிட்டுக் காமாவிலேயே சுருக்குகிறேன். லீனியரில் வெள்ளைத் தாள் கறுப்பு எழுத்தைத் தின்றுவிடுகிறது. ‘ண’வின் சுழிகள் மெலிந்து படிக்கவே வராது.

கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து

ஸ்கேன் பக்கத்துக்கு நேர் எதிர். லீனியரில் எழுத்து தடிக்கும்.